கல்யாண மண்டபத்தில் குடித்தனம்

கண்டனூரில் நாங்கள் குடியிருந்த வீட்டைக் கரண்டு ஆபீஸ் கல்யாண மண்டபம் என்று முடிவு கட்டியபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி ஆபீஸ் மேல், பாதி என் வீட்டுக்காரர் மேல். இப்போது யோசித்தால் முக்கால் பங்கு அவர் மேல்தான் இருந்திருக்க வேண்டும். பாவம் ஆபீஸ், அது கண்ணால் பார்த்ததைத்தானே எழுதியது.

நாங்கள் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள். அங்கே கடை, வீடு, சாமான் எல்லாம் போய், கப்பலிலிருந்து இறங்கும்போது இரண்டு டிரங்குப் பெட்டிதான் மிச்சம். கண்டனூர் வீடு என் வீட்டுக்காரருடைய ஐயா, அதாவது தாத்தா, கட்டியது. பங்காளிகள் எல்லோருக்கும் பொது. அவர்களெல்லாம் சென்னை, கோயம்புத்தூர், மலேயா என்று தொழிலோடு போய்விட்டார்கள். ஆளுக்கொரு அறையைப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோய்விட்டார்கள். பங்காளிகளில் மூத்தவர் இவருடைய பெரியப்பச்சி, அதாவது பெரியப்பா, சென்னையில் இருந்தார். "இப்போதைக்கு இருந்துக்கங்க. வீட்டுக்கும் ஒரு காவல் ஆச்சு" என்று சொல்லி, பின்கட்டில் இரண்டு அறையும் ஓர் அடுப்படியும் விட்டுக்கொடுத்தார். அந்த "இப்போதைக்கு" என்ற வார்த்தை எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இவருக்குக் குத்தவில்லை. பெரியப்பச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது இவர் கட்சி.

வீடு எங்களுக்கென்று இருக்குமோ இருக்காதோ, கல்யாணம் என்றால் அது ஊருக்கே வீடு. தை பிறந்தால் பங்காளிகள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவார்கள். பூட்டெல்லாம் திறக்கும், நடு முற்றமான வளவு நிறையப் பந்தி நடக்கும், முடிந்ததும் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கூட்டிப் பெருக்குவது நான். அந்த வருஷம் ஒரே தையில் அடுத்தடுத்துக் கல்யாணம். முதல் கல்யாணத்துக்கு வாசல் முழுக்கக் கலர் பல்பு தொங்கவிட்டார்கள். அப்படிப் போடுவதற்குத் தற்காலிக இணைப்பு என்று தனியாக எழுதிக்கொடுத்து வாங்க வேண்டும். அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை? வீட்டு மீட்டரிலிருந்தே ஒயரை இழுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்துத்தானா ரீடிங் எடுக்கிறவர் வரவேண்டும்? வந்தவரை உட்காரவைத்து இலை போட்டுச் சாப்பாடும் போட்டு அனுப்பினார்கள். அவர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, பார்த்ததை ஆபீஸில் சொல்லிவிட்டார். அடுத்த கல்யாணத்துக்கும் ஆபீஸ் ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்கடுத்த முறை மீட்டர் அட்டையில் "வீட்டு உபயோகம்" என்று இருந்ததை அடித்துவிட்டு, "வணிகம் – மண்டபம்" என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போனார்கள்.

வணிக ரேட்டு வீட்டு ரேட்டைவிட அதிகம். கரண்டுக்கான பணத்தைப் பங்காளிகள் பங்கு போட்டு அனுப்புவது வழக்கம். ரேட்டு ஏறிய செய்தி போனதும் பெரியப்பச்சியிடமிருந்து கடிதம் வந்தது. இனிமேல் யாரும் பங்கு அனுப்பமாட்டார்கள், வைகாசிக்குள் இது சரியாகாவிட்டால் இணைப்பையே துண்டிக்கச் சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டிவிடலாம், விசேஷத்துக்கு மட்டும் திறந்துகொள்ளலாம், நீங்கள் இரண்டு பேரும் காரைக்குடியில் ஒரு வாடகை வீடாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் உங்களுக்கு வசதிதானே என்று எழுதியிருந்தார். இவர் காரைக்குடி ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அந்தச் சம்பளத்தில் வாடகை கொடுத்தால் சாப்பாட்டுக்கு எங்கே போவது? அதைவிட, ஒரு நாட்டிலிருந்து ஒருதரம் கிளம்பி வந்தவளுக்கு இன்னொருதரம் பெட்டி கட்ட மனசு வருமா? எனக்கு வரவில்லை.

மனு கொடுக்கப் போனால், காரைக்குடி ஆபீஸில் இருந்த கிளார்க் அட்டையைப் பார்த்தார். இணைப்பு இன்னும் இவருடைய ஐயா பேரில்தான் இருந்தது. அவர் காலமாகி எத்தனையோ காலம். "செத்துப்போனவுக மனுக் குடுக்க முடியாதுல்ல" என்று சிரித்துவிட்டு, முதலில் யார் பேருக்காவது மாற்றிக்கொண்டு வாருங்கள், பங்காளிகள் எல்லோரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரவேண்டும் என்றார்.

அது பெரிய கூத்து. பெரியப்பச்சி பேரில் போட்டால் அவர் தம்பி சின்னவருக்குப் பொறுக்காது, சின்னவர் பேரில் போட்டால் கோயம்புத்தூர்காரர் முறைப்பார், என் வீட்டுக்காரர் பேரில் போட்டால் எல்லோருக்குமே வயிறு எரியும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொண்டது என் பேரை. வெளியிலிருந்து வந்த மருமகள், சொத்தில் பங்கு கேட்க முடியாதவள், பேர்தானே, அதுவும் மீட்டருக்குத்தானே என்று நினைத்திருப்பார்கள். யாருக்கும் என் பேரில் பொறாமை இல்லை. அது எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று அன்றைக்குத் தெரியவில்லை.

ஆக இணைப்பு என் பேருக்கு மாறியது, மனுதாரரும் நான். மண்டபம் இல்லை, குடியிருக்கும் வீடு, வீட்டு உபயோக ரேட்டுக்கு மாற்றித் தரவும் என்று எழுதி, ரேஷன் கார்டு, குடியிருப்பு என்று போட்ட வீட்டு வரி ரசீது, வாடகைக்கு விடுவதில்லை என்ற பெரியப்பச்சியின் கடிதம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். செக்‌ஷன் ஆபீஸர் நேரில் வந்து பார்த்து, உண்மையில் என்ன உபயோகம் என்று ரிப்போர்ட் எழுதுவார், அதை வைத்துத்தான் முடிவு என்றார்கள். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியும் அனுப்பினார்கள்.

சொல்லி அனுப்பியதுதான் வினை. ஓர் ஆபீஸர் நம் வீட்டுக்கு வருகிறார் என்றதும் என் வீட்டுக்காரருக்குள் இருந்த பழைய ரங்கூன் முதலாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார். அடுப்படிப் பக்கம் அழைத்துப்போய், நாங்கள் இரண்டு பேரும் பாய் விரித்துப் படுக்கிற இடத்தைக் காட்டினால் போதும் என்று நான் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். "நல்லாச் சொன்னே போ. பெரிய வீட்டுல வந்தவுகளப் பின்கட்டுல ஒக்கார வச்சாங்கன்னு ஊர்ல பேசவா" என்றார். பங்காளிகள் ஊரில் ஒருவரிடம் கொடுத்துவைத்திருந்த பொதுச் சாவியை வாங்கி முன் ஹாலைத் திறந்தார். ரத்தினக் கம்பளம் விரித்தார். வாசலில் மாவிலை கட்டினார். ஊரில் இருந்த உறவுக்காரர்களை வந்து முன்னால் இருக்கும்படி சொன்னார். அவர்களும் விடுவார்களா, பட்டு வேட்டி, அங்கவஸ்திரத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். என் சமையல் போதாது என்று, கல்யாணத்துக்குச் சமைக்கிற ஆளைக் காரைக்குடியிலிருந்து கூட்டி வந்தார். இதெல்லாம் போகட்டும். வளவிலும் ஹாலிலும் பல்பு இல்லாமல் சும்மா கிடந்த ஹோல்டர்களுக்கெல்லாம் ஒரு பெட்டி புது பல்பு வாங்கி மாட்டிவிட்டார். பட்டப்பகலில் வீடு ஜெகஜோதியாக எரிந்தது. நாங்கள் சாதாரணமாக எரிப்பது பின்கட்டில் மங்கலாக ஓரிரண்டுதான்.

ஆபீஸர் லைன்மேனோடு வந்து வாசலில் நின்றார். மாவிலையைப் பார்த்தார். உள்ளே பட்டுக்காரர்களைப் பார்த்தார். சமையல்காரர் பெரிய அண்டாவைக் கிண்டுவதைப் பார்த்தார். "இன்னிக்கு என்ன விசேஷம்" என்று மெதுவாகக் கேட்டார். "நீங்க வந்ததுதான் விசேஷம்" என்று இவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். லைன்மேன் ஒவ்வொரு பல்பாக எண்ணிக்கொண்டே போனார். எத்தனை விளக்கு, எத்தனை பிளக் என்று எண்ணித்தான் அந்த வீட்டில் மொத்தம் எவ்வளவு லோடு என்று எழுதுவார்கள். இவர் வாங்கி மாட்டிய ஒவ்வொரு பல்பும் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தேன்.

பின்பக்கம் போனால் வரிசையாக அடுப்படிகள். எங்கள் பக்கத்தில் மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் அவன் தனிப் புள்ளி. ஒரே வீட்டுக்குள்ளே இருந்தாலும் அவனுக்குத் தனி அடுப்பு, தனிச் சமையல், அவனவன் செலவு அவனவனுக்கு. அது சண்டையால் பிரிந்தது இல்லை, எங்கள் முறை. வெளியூர்க்காரரான ஆபீஸருக்கு அது எங்கே தெரியும்? இத்தனை அடுப்பு எதற்கு, மெஸ் ஏதும் நடக்கிறதா என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் இவர் முந்திக்கொண்டு, ஒரே நேரத்தில் ஊர் முழுக்கவே இங்கே சமைத்துப் போடலாம் என்றார். பெருமை அப்படி. அதோடு விட்டாரா? மண்டபத்தை வாடகைக்கு விடுகிறீர்களா என்று ஆபீஸர் கேட்டதற்கு, வாடகையா, எங்கள் கோயில்காரர்கள், ஒரே கோயிலைச் சேர்ந்த வகையறாக்கள், யார் கேட்டாலும் சும்மாவே திறந்துவிடுவோம், மாட்டேன் என்ற பேச்சே கிடையாது என்றார். ஆபீஸர் எழுதிக்கொண்டார். சாப்பிட மாட்டேன் என்று மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். அவர் போனதும் இவருக்கு வருத்தம். என்ன வருத்தம் தெரியுமா? வந்தவர் இலையில் உட்காரவில்லையே என்று.

மனு தள்ளுபடி. ஆய்வின்போது விசேஷக் கூடமாக உபயோகத்தில் இருந்தது, சமையல் ஆள் இருந்தார், கேட்பவர்களுக்கெல்லாம் திறந்துவிடப்படுகிறது என்று காரணம் போட்டிருந்தது. ஒரு வார்த்தை பொய் இல்லை. இவர் அதைப் படித்துவிட்டு, நாம் செய்த உபசாரத்துக்கு இப்படி எழுதலாமா என்று கேட்டார். நான் மூன்று வேளையும் சோறு போட்டேன், பேச்சு மட்டும் கொடுக்கவில்லை. வைகாசி நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பச்சியிடமிருந்து, என்ன ஆயிற்று, வாடகை வீடு பார்த்தாயிற்றா என்று ஒரு கார்டும் வந்தது. அதைப் படித்துவிட்டு இவர் தன் சம்பளத்தையும் வாடகையையும் ஒரு துண்டுக் காகிதத்தில் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் இவருக்கும் உள்ளே பயம் இருப்பது எனக்குத் தெரிந்தது. கோபம் கொஞ்சம் இறங்கியது.

மறுநாள் நானே பஸ் ஏறிக் காரைக்குடி ஆபீஸுக்குப் போனேன். ஆபீஸரிடம் மறுபடியும் காகிதங்களை எடுத்து வைத்தேன். அவர் நல்ல மனுஷர்தான். காகிதமெல்லாம் வீடு என்றுதான் சொல்கிறது, ஆனால் உபயோகம் என்ன என்று நான் பார்த்துத்தானே எழுத வேண்டும், நான் பார்த்தது மண்டபம் என்றார்.

"நீங்க பாத்தது எங்க வீட்டுக்காரர் ஒங்களுக்காகப் போட்ட வேசம்" என்றேன். "இந்தத் தடவ சொல்லாமக் கொள்ளாம வாங்க. எப்ப வேணும்னாலும் வாங்க. நாங்க எப்படி இருக்கோமோ அப்படிப் பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். திரும்ப ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் ஆச்சி, வருகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அந்தப் புது பல்புகளையெல்லாம் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினேன். ஆபீஸர் எப்போது வருவாரோ தெரியாது என்று இவரிடம் சொன்னதுதான் தப்பு. கடைக்குப் போகாத நேரமெல்லாம் குளித்து, விபூதி பூசி, இஸ்திரி போட்ட ஜிப்பாவில் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை அழைப்புக்குக் காத்திருப்பவர் மாதிரி. ஜிப்பாவைக் கழற்றுங்கள் என்றால், மனுஷன் வந்தால் மரியாதையாக இருக்க வேண்டாமா என்பார். அப்படியே சில வாரம் போயிற்று. யாரும் வரவில்லை. ஜிப்பா அழுக்காகி அதைத் துவைக்கப் போட்ட பிறகு இவரும் மறந்துவிட்டார்.

அன்று கடைக்கு லீவு. எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை, ஆனால் முதல்நாளே கரைத்து வைத்த வற்றல் மாவு புளித்துப்போகுமே என்று மெதுவாக உட்கார்ந்து வளவில் பழைய வேட்டியை விரித்து வற்றல் போட்டுக்கொண்டிருந்தேன். தலையை முடியக்கூட இல்லை. கிணற்றடியில் இவர் இடுப்பில் ஒரு துண்டோடு துணி துவைத்துக்கொண்டிருந்தார். என் சேலையையும் சேர்த்துத்தான். காய்ச்சல்காரியைத் தண்ணீரில் கை வைக்க விடமாட்டார். இது ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்பதால் முன்கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் துவைப்பார். அன்றைக்குத் தாழ்ப்பாள் போட மறந்துவிட்டார்.

ஆபீஸரும் லைன்மேனும் உள்ளே வந்து நின்றபோது இவர் என் சேலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வளவுக்குள் நுழைகிறார். பார்த்ததும் சேலையோடு தூணுக்குப் பின்னால் ஓடினார். அந்தத் தூண் பர்மாத் தேக்கு, நல்ல பருமன்தான். இவர் அதைவிடப் பருமன்.

"எதுக்கு ஓடுறீங்க செட்டியாரே" என்றார் ஆபீஸர். "இதப் பாக்கத்தானே வந்தேன்."

எனக்குக் காய்ச்சலிலும் சிரிப்பு வந்துவிட்டது. லைன்மேன் சுற்றிவந்தார். ஹாலில் வெறும் ஹோல்டர்கள், பூட்டின அறைகள், பூட்டில் தூசி. வரிசை அடுப்படிகளில் ஒன்றில்தான் சாம்பல் இருந்தது. மற்றதெல்லாம் ஒட்டடை. அப்போதுதான் அந்தப் புள்ளிக் கணக்கை நான் ஆபீஸருக்குச் சொன்னேன். இத்தனை அடுப்பும் எரிந்தால் இத்தனை குடும்பம் இங்கே இருக்கிறது என்று அர்த்தம், இப்போது எரிவது எங்கள் ஒன்றுதான் என்றேன். ஆபீஸர் மீட்டரைப் பார்த்தார். தைக்குப் பிறகு ஓடியிருந்தது மிகக் கொஞ்சம். கல்யாணம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு, வழியையும் அவரே சொன்னார். இனி வீட்டு மீட்டரிலிருந்து பந்தலுக்கு ஒயர் இழுக்கக் கூடாது, யார் கல்யாணம் நடத்தினாலும் அவர்கள் தற்காலிக இணைப்புக்கு மனுக் கொடுக்க வேண்டும், அதோடு இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட கடிதமும் வைக்க வேண்டும் என்றார். சரி என்று எழுதிக் கொடுத்தேன். இவர் தூணை விட்டு வரவேயில்லை. அன்று மோர் கூட இல்லை, வெறும் தண்ணீர்தான் கொடுத்தேன். ஆபீஸர் குடித்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்குங்க ஆச்சி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ரீடிங்கிலிருந்து வீட்டு உபயோகம் என்று உத்தரவு வந்தது. முன்னால் கட்டினது கட்டினதுதான், திரும்பி வராது. உத்தரவில், கணவனும் மனைவியும் குடியிருக்கிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. இவர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "சேலை தொவச்சத எழுதலியே" என்று நிம்மதியாக மூச்சு விட்டார். பெரியப்பச்சிக்கு நகல் அனுப்பினோம். துண்டிக்கிற பேச்சு அதோடு நின்றது. ஆனால் அவர் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இப்போதைக்கு இருக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் இப்போதைக்கு இருக்கட்டும் என்று நினைக்கிறார் போல என்று நான் எண்ணிக்கொண்டேன்.

வைகாசியில் அவர் பேத்தி கல்யாணம். வழக்கம்போல முன்னதாகவே ஆட்களோடு வந்து இறங்கினார். வழக்கம்போல நான் அடுப்படியில். வாசலில் பந்தல்காரரும் கரண்டு வேலை செய்கிறவரும் ஏதோ வெகுநேரம் பேசுவது கேட்டது. யாரோ சத்தம் போட்டார்கள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அடுப்படி நிலைக்கு வெளியே பெரியப்பச்சி நின்றார். அந்த வீட்டில் அவர் கால் பின்கட்டுப் பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லை. எது வேண்டுமென்றாலும் ஆள் விட்டுத்தான் சொல்வார். கையில் ஒரு காகிதம், பேனா மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார்.

"ஆத்தா" என்றார். கொஞ்சம் தயங்கினார். "பந்தலுக்குக் கரண்டு வாங்கணும். நீங்க சம்மதிச்சாத்தான் குடுப்பாகளாம். ஒங்க வீட்டுல இந்தக் கல்யாணத்த நடத்திக்கிறலாமா?"

ஒங்க வீட்டுல. அப்படித்தான் கேட்டார். சும்மா வாய் தவறி வந்ததா, கரண்டு ஆபீஸ் சொல்லிக்கொடுத்துச் சொன்னாரா, எனக்குத் தெரியாது, இன்றுவரைக்கும் தெரியாது. கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். பர்மாவிலிருந்து வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் என்னிடம் எதையும் செய் என்று சொல்லியிருக்கிறார்கள், செய்யலாமா என்று யாரும் கேட்டதில்லை. காகிதத்தை அம்மிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். கண்ணில் நீர் நிறைந்து எழுத்துக் கோணிப்போனது.

"தாராளமா நடத்துங்க" என்றேன். "எத்தன நாள் வேணும்னாலும் இருந்துட்டுப் போங்க."